மே மாதமே முழுக் கட்டணமா, மூன்று தவணையா?

"ஐயா, என் மகள் ஏழாம் வகுப்புக்குப் போகிறாள். ஆண்டுக் கட்டணம் 90,000 ரூபாய். ஜூன், அக்டோபர், ஜனவரி முதல் தேதிகளில் 30,000 வீதம் மூன்று டேர்மாகக் கட்டலாம். மே 31-க்குள் மொத்தமாகக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு. கையில் ஒரு லட்சம் இருக்கிறது. ஆனால் கணவரின் கொலுசுப் பட்டறைக்கு ஆடி மாதம் ஐம்பதாயிரமாவது வேண்டியிருக்கும். இல்லாவிட்டால் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்குவார். 'வங்கியே 6 சதவீதம் தருகிறது, 5 சதவீதத்துக்காக ஏன் முன்கூட்டிக் கட்டுகிறாய்?' என்கிறான் தம்பி. நகையை அடகு வைத்தாவது மொத்தமாகக் கட்டலாமா? ஏற்காட்டில் ஒரு விடுதிப் பள்ளியிலும் இடம் கேட்டிருக்கிறோம். செப்டம்பருக்குள் சொல்வதாகக் கூறியிருக்கிறார்கள்."
— ஒரு வாசகி, செவ்வாய்ப்பேட்டை, சேலம்

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பியின் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் என் அலுவலகத்துக்கு வருபவர்களில் பலரும் இதே இடத்தில்தான் வழுக்குகிறார்கள். வங்கி சொல்லும் 6 சதவீதம் ஓராண்டு முழுவதும் பணம் அங்கே கிடந்தால் கிடைப்பது. பள்ளி தரும் 5 சதவீதமோ சில மாதங்கள் முன்னால் கொடுப்பதற்காகக் கிடைப்பது. காலம் வேறுபடும் இரண்டு விகிதங்களை அருகருகே வைத்துப் பெரியது எது என்று பார்ப்பது சரியாகாது. இரண்டையும் நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமான மாத வட்டிக்கு, அதாவது நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்ற கணக்குக்கு, மாற்றிவிட்டால் விடை தானாகத் தெரியும்.

மொத்தமாகக் கட்டினால் நீங்கள் தரப்போவது 85,500 ரூபாய், மிச்சம் 4,500. ஆனால் அந்த 85,500-ம் முன்பணம் அல்ல. முதல் டேர்மின் 30,000 ரூபாயை எப்படியும் மறுநாள் ஜூன் 1 அன்று கட்டித்தான் ஆக வேண்டும். ஆகவே நீங்கள் உண்மையில் முன்கூட்டித் தருவது 55,500 மட்டுமே. இந்தத் தொகை பள்ளியிடம் முடங்கியிருப்பது ஜூன் முதல் அக்டோபர் வரை நான்கு மாதங்கள். அக்டோபரில் தவணைக்காரர்கள் 30,000 கட்டும்போது நீங்கள் கட்ட வேண்டியதில்லை என்பதால், அன்றைக்கு உங்கள் முன்பணத்தில் 30,000 திரும்பி வந்துவிட்டதாகவே கொள்ளலாம். மீதி 25,500 மட்டும் ஜனவரி வரை இன்னும் மூன்று மாதங்கள் முடங்கிக் கிடக்கிறது.

55,500-ஐ நான்கு மாதத்தால் பெருக்கினால் 2,22,000; 25,500-ஐ மூன்று மாதத்தால் பெருக்கினால் 76,500; கூட்டினால் 2,98,500. இந்தப் பணம் முழுவதும் ஒரு ரூபாய் வட்டிக்கு ஓடியிருந்தால் கிடைக்கும் வட்டி 2,985 ரூபாய். உங்களுக்குக் கிடைப்பதோ 4,500. ஆக, பள்ளி உங்களுக்குத் தருவது ஏறத்தாழ ஒன்றரை ரூபாய் வட்டி, ஆண்டுக்கு 18 சதவீதம். வங்கியின் 6 சதவீதம் மாதத்துக்கு அரை ரூபாய் வட்டிதான். அதே பணத்துக்கு அதே காலத்தில் அங்கே கிடைக்கக்கூடியது 1,500 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. வங்கியில் சும்மா கிடக்கும் பணத்தை எடுத்துக் கட்டுகிற குடும்பத்துக்கு நிகர ஆதாயம் சுமார் 3,000 ரூபாய். இந்த அளவில் தம்பியின் முடிவு தவறுதான்.

இந்த ஒன்றரை ரூபாய் என்பது உங்கள் பள்ளி குறித்திருக்கும் தேதிகளுக்கு மட்டுமே பொருந்தும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில பள்ளிகள் ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல் முதல் தேதிக்குள் கட்டச் சொல்கின்றன. அப்படியானால் 85,500 முழுவதும் ஏப்ரல், மே என இரண்டு மாதங்கள் கூடுதலாக முடங்குகிறது. அந்த 1,71,000-ஐயும் சேர்த்துக்கொண்டால் மொத்தம் 4,69,500 ஆகிவிடுகிறது. அதே 4,500 ரூபாய்த் தள்ளுபடி அப்போது ஒரு ரூபாய் வட்டிக்கும் சற்றுக் கீழே, தொண்ணூற்றாறு காசுக்கு, இறங்கிவிடும். சதவீதம் மாறவில்லை, தேதி மட்டும் மாறியது. ஆதாயத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கரைந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பள்ளி 6 சதவீதம் தருகிறது என்று யாரேனும் சொன்னால், எந்தத் தேதிக்குள் என்று கேட்காமல் ஒப்பிடாதீர்கள்.

சுற்றறிக்கையில் தள்ளுபடி எதன்மீது என்பதையும் ஒருமுறை படித்துப் பாருங்கள். "கல்விக் கட்டணத்தில் 5 சதவீதம்" என்று இருந்து, 90,000-இல் கல்விக் கட்டணம் 70,000 மட்டுமாக, மீதி ஆய்வகம், கணினி, இதர செயல்பாடுகள் என்று பிரிக்கப்பட்டிருந்தால், தள்ளுபடி 3,500-தான். முன்பணம் 56,500 ஆகிவிடுவதால் வட்டியும் ஒரு ரூபாய் பதினைந்து காசுக்குக் குறைந்துவிடும். தள்ளுபடியைக் கையில் தராமல் அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் கழித்துக்கொள்வதாகச் சொல்லும் பள்ளிகளும் உண்டு. ஏற்காட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு அப்படிப்பட்ட தள்ளுபடி இல்லாததற்குச் சமம். இணையத்தில் கட்டும்போது கடன் அட்டைக்கு 1 சதவீதச் சேவைக் கட்டணமும் அதன்மீது 18 சதவீத ஜிஎஸ்டியும் பிடித்தால், 85,500 ரூபாய்க்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிடும். காசோலையோ வங்கிப் பரிமாற்றமோ அந்தச் செலவைத் தவிர்க்கும்.

இதோடு சேர்த்து, அந்த 90,000 ரூபாயே பள்ளி வாங்க அனுமதிக்கப்பட்ட தொகைதானா என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. தமிழகத் தனியார் பள்ளிகளின் கட்டணத்தை முறைப்படுத்த 2009-இல் சட்டம் வந்தது. அதன்கீழ் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் அமைந்த குழு பள்ளிவாரியாக, வகுப்புவாரியாகக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. உங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்புக்குக் குழு நிர்ணயித்தது 82,000 என்று வைத்துக்கொண்டால், 90,000-இல் 5 சதவீதம் கழித்து 85,500 வாங்குவதைத் தள்ளுபடி என்று எப்படிச் சொல்வது?

இனி ஆடி மாதத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் மிக முக்கியமான பகுதி இதுதான் என்று நினைக்கிறேன். கையில் ஒரு லட்சம் இருப்பதால் அது சும்மா கிடக்கும் பணம் என்று ஆகிவிடாது. கொலுசு வேலையில் ஆடி மந்தமான மாதம். ஆனால் தீபாவளிக்கான வெள்ளியை வாங்கிப் போடவும், ஆட்களுக்குக் கூலி கொடுத்து அவர்கள் வேறு பட்டறைக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளவும் பணம் வேண்டியிருப்பதும் அப்போதுதான். ஆகவே உங்கள் பணத்தின் விலை வங்கி தரும் அரை ரூபாய் வட்டி அல்ல. அந்தப் பணம் இல்லாதபோது நீங்கள் வெளியில் கொடுக்கப்போகும் வட்டிதான்.

ஒன்றரை ரூபாய் கிடைக்கிறது, இரண்டு ரூபாய் கொடுக்கிறோம், எனவே நட்டம் என்று முடித்துவிடலாமா? அதுவும் அவசரம். கடன் ஜூன் 1 அன்றே வாங்கப்படுவதில்லை, ஜூலை நடுவில்தான் வாங்கப்படுகிறது. 50,000 ரூபாயை இரண்டு ரூபாய் வட்டிக்கு ஜூலை 15 அளவில் வாங்குவதாகக் கொள்வோம். அக்டோபர் 1 வரை இரண்டரை மாதத்துக்கு வட்டி 2,500. அன்று பள்ளிக்குக் கட்ட வேண்டியிராத 30,000-ஐக் கடனில் அடைத்துவிட்டால் மீதி 20,000. அதற்கு ஜனவரி வரை மூன்று மாத வட்டி 1,200. ஆகமொத்தம் 3,700. தள்ளுபடியின் 4,500-இல் இதைக் கழித்தால் 800 ரூபாய் மிஞ்சுகிறது. மூன்று ரூபாய் வட்டியாக இருந்தால் செலவு 5,550 ஆகி, ஆயிரத்துச் சொச்சம் நட்டம்.

அந்த 800 ரூபாயும் அக்டோபரில் 30,000-ஐ மறக்காமல் கடனுக்குக் கட்டினால் மட்டுமே. நான் பார்த்தவரை இங்கேதான் கணக்கு கைவிடுகிறது. பள்ளியில் டேர்ம் ஃபீஸ் என்று கேட்பவர் இல்லாததால், அந்த 30,000 தனித்தொகையாகக் கண்ணுக்குத் தெரிவதில்லை. தீபாவளித் துணிமணியிலும் பட்டறைச் செலவிலும் கலந்துவிடுகிறது. 50,000 கடன் அப்படியே ஜனவரி வரை ஓடினால் ஐந்தரை மாதத்துக்கு 5,500 வட்டி, அதாவது தள்ளுபடியை விட ஆயிரம் ரூபாய் அதிகம். முதல் மாத வட்டியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும் வழக்கம் உங்கள் கடன்காரரிடம் இருந்தால், கையில் வரும் தொகையும் குறையும், உண்மையான வட்டியும் இரண்டு ரூபாயைத் தாண்டும்.

நகைக் கடனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எங்கே அடகு வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது இது. வங்கியில் ஆண்டுக்கு 10 சதவீதம் என்று கொண்டால், அது மாதத்துக்கு எண்பத்து மூன்று காசு வட்டி. 55,500-ஐ அப்படி வாங்கி, அக்டோபரில் 30,000 கட்டிக் குறைத்துக்கொண்டால் வட்டி ஏறத்தாழ 2,490. குறைக்காமல் ஜனவரியில் மொத்தமாக மீட்டாலும் 3,240 அளவில்தான். மதிப்பீட்டுக் கூலி, பத்திரச் செலவு என்று சில நூறு ரூபாய் போனாலும் ஆதாயம் நிற்கிறது. கடைத்தெரு அடகுக் கடையில் இரண்டு ரூபாய் வட்டிக்கு வைத்தாலோ வட்டியே 5,970 ஆகிவிடும்; 4,500 தள்ளுபடிக்காக அதைச் செய்வது கூடாது. கடன் அட்டையில் கட்டிவிட்டு நிலுவையை இழுத்துக்கொண்டு போவது இதைவிடவும் மோசம். அங்கே மாத வட்டி மூன்று ரூபாய்க்கு மேலும் போகும்.

உண்மையில் உங்களுக்கு நகையின் பயன் ஜூனில் அல்ல, ஜூலையில்தான். கட்டணத்தைக் கையிருப்பிலிருந்து கட்டிவிட்டு, ஆடியில் பட்டறைக்கு வேண்டிய 50,000-ஐ மட்டும் வெளியார் வட்டிக்குப் பதிலாக வங்கி நகைக் கடனாக வாங்கினால், முன்சொன்ன அதே முறையில் அடைக்கும்போது வட்டி 3,700-க்குப் பதில் 1,540 அளவில் முடிந்துவிடும். தள்ளுபடியில் கிட்டத்தட்ட 3,000 ரூபாய் உங்களிடமே தங்கும். பள்ளிக் கட்டணம் ஒருபுறம் இருக்கட்டும். தவணையில் கட்டுவதாக முடிவெடுத்தாலும், ஆடிக் கடனை இரண்டு ரூபாய் வட்டியிலிருந்து வங்கிக்கு மாற்றுவதை நான் வற்புறுத்துவேன்.

இவ்வளவும் மகள் ஆண்டு முழுவதும் இதே பள்ளியில் படிப்பாள் என்ற அடிப்படையில் சொன்னது. ஏற்காடு அந்த அடிப்படையை அசைக்கிறது. செப்டம்பரில் இடம் கிடைத்து, அக்டோபரில் அவளை மலைக்கு அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தவணையில் கட்டியிருந்தால் இங்கே 30,000-உடன் கணக்கு முடிந்தது. மொத்தமாகக் கட்டியிருந்து, பள்ளி திருப்பித் தர மறுத்தால், 55,500 போய்விடும். அங்கே புதிய பள்ளிக்கும் விடுதிக்கும் வேறு அதே மாதத்தில் பணம் கட்ட வேண்டியிருக்கும். கிடைக்கக்கூடிய நிகர ஆதாயம் 3,000; இழக்கக்கூடியது 55,500. நடுவில் விலகும் வாய்ப்பு இருபதில் ஒன்று இருந்தாலே ஆதாயமும் இழப்பும் ஏறக்குறைய சமமாகிவிடும். விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் குடும்பத்தில் அந்த வாய்ப்பு இருபதில் ஒன்றை விட மிக அதிகம்.

தவணைக்கு இன்னொரு பலனும் உண்டு. 2020-இல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது, சென்னை உயர் நீதிமன்றம் தனியார் பள்ளிகளை முதலில் 40 சதவீதமும் பள்ளி திறந்தபின் 35 சதவீதமும் வாங்கிக்கொள்ள அனுமதித்தது. அதுபோன்ற நேரங்களில் பாக்கிப் பணத்தைக் கையில் வைத்திருப்பவர் பேசுவதும், முழுவதையும் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்பவர் பேசுவதும் ஒன்றாக இருக்காது. அப்படியொரு நிலை மறுபடி வரும் என்று நான் சொல்லவில்லை; ஆனால் பள்ளி தரும் 4,500 ரூபாயில் ஒரு பங்கு, இந்தப் பிடியை நீங்கள் விட்டுக்கொடுப்பதற்கான விலை.

வரி விஷயத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. உங்கள் கணவர் பழைய வரிமுறையில் கணக்குக் காட்டுபவராக இருந்தால்தான் கல்விக் கட்டணத்துக்குக் கழிவு கிடைக்கும். மே மாதமானாலும் அடுத்த ஜனவரியானாலும் எல்லாத் தவணையும் ஒரே நிதியாண்டுக்குள் வந்துவிடுகின்றன.

ஆகவே இந்த ஆண்டுக்கு என் ஆலோசனை இது. பள்ளி அலுவலகத்தில் எழுத்து மூலமாக ஒரு கேள்வி கேளுங்கள்: முழுத் தொகையும் கட்டியபின் முதல் டேர்ம் முடிந்து மகள் விலகினால், தள்ளுபடியை மட்டும் ரத்து செய்துவிட்டு மீதி 55,500-ஐத் திருப்பித் தருவார்களா? "தருவோம்" என்று பள்ளி முத்திரையோடு பதில் வந்தால் மே 31-க்குள் கட்டிவிடுங்கள். ஆடித் தேவைக்கு வங்கி நகைக் கடன் போதும். வாய்மொழியாக "பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு, ஜூனில் 30,000 மட்டும் கட்டுங்கள். கையில் மீதியுள்ள எழுபதாயிரத்தில் பட்டறையின் ஆடிச் செலவு கடன் இல்லாமலே நடந்துவிடும். அப்போது இரண்டு ரூபாய் வட்டியும் இல்லை, அடகும் இல்லை. தள்ளுபடியை விட்டதாகத் தோன்றினாலும், நீங்கள் உண்மையில் விட்டது, இரண்டு ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் மிஞ்சியிருக்கக்கூடிய அந்த 800 ரூபாயைத்தான்; வங்கி நகைக் கடனாக இருந்தாலும் சுமார் 3,000 ரூபாயைத்தான்.

அக்டோபரில் ஒரு வாய்ப்பு மிச்சமிருக்கிறது. அதற்குள் ஏற்காட்டின் பதில் தெரிந்திருக்கும், தீபாவளிச் சரக்குக்கான பணமும் வரத் தொடங்கியிருக்கும். மகள் இங்கேயே படிப்பது உறுதியானால், இரண்டாம் டேர்மோடு மூன்றாம் டேர்மையும் சேர்த்துக் கட்டுவதாகவும், மூன்றாம் டேர்மின் 30,000-க்கு மட்டும் அதே 5 சதவீதம் தர வேண்டும் என்றும் முதல்வரிடம் கேளுங்கள். சுற்றறிக்கையில் இல்லாததால் மறுக்கலாம். ஆனால் நடு ஆண்டில் சம்பளத்துக்குப் பணம் தேவைப்படும் பள்ளிகள் இதற்கு இணங்குவதுண்டு. இணங்கினால் 28,500 ரூபாயை மூன்று மாதம் முன்னால் கொடுப்பதற்கு 1,500 ரூபாய் கிடைக்கும், அதாவது ஒன்றே முக்கால் ரூபாய் வட்டி; இப்போது மே மாதத்தில் தருவதாகச் சொல்லும் ஒன்றரையை விட அது மேல். ரசீதில் இரண்டு டேர்முக்கான தொகையும் தள்ளுபடியும் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கிக்கொள்ளுங்கள்.